ஷோரீலுக்குக் கீழே எழுதும் விவரக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம், புதிதாகத் தனியாகத் திருமணப் படப்பிடிப்புத் தொழில் தொடங்கியிருக்கும் மூன்று இளைஞர்கள், தங்கள் வேலைகளின் மாதிரிக் காட்சிகளைத் தொகுத்த ஷோரீலை யூடியூபில் ஏற்றிவிட்டு, அதன் கீழே எழுதிய விவரக் குறிப்பைப் பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் அம்மாபேட்டை, மற்ற இருவர் ஓமலூர்ப் பக்கம். மூவரின் ரீலும் நன்றாகவே இருந்தது. மூவரின் குறிப்பிலும், பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் குறிப்பில் இருந்த அதே ஓட்டைகள் வரிசை மாறாமல் இருந்தன. எழுத்துப்பிழை, தவறான அலைபேசி எண் போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வணக்கத்தில் தொடங்குவது

யூடியூபில் குறிப்பின் முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே கண்ணில் படும். மற்றவை தொட்டு விரித்தால்தான் தெரியும். அந்த இடத்தில் வணக்கத்தையும் கடவுள் வாழ்த்தையும் எழுதிவிட்டு, ஊரையும் வேலையையும் எண்ணையும் ஐந்தாம் வரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். "சேலம், ஏற்காடு: திருமணம், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, அழைக்க" என்று எழுதி எண்ணைப் போட்ட பிறகு எத்தனை வணக்கம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அனைத்து விதமான படப்பிடிப்புகளும் செய்து தரப்படும்"

என் பழைய குறிப்பிலும் இந்த வரி இருந்தது. அதை நம்பிச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரி அழைத்து, நாற்பது மாதிரிகளை ஒரே நாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளி ஒரு கண்ணாடி போன்றது என்பதும், அறையின் சுவர், கேமரா, என் சட்டையின் நிறம் வரை எல்லாம் அதில் தெரியும் என்பதும், நாற்புறமும் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைப் பரவவிட்டால்தான் கொலுசின் வேலைப்பாடு படத்தில் நிற்கும் என்பதும் அன்று மாலைக்குள் எனக்குத் தெரிந்துபோயின. நாற்பதில் பதினொன்றுதான் தேறியது. ரீலில் எந்த வேலை இருக்கிறதோ அதை மட்டும் சேவைப் பட்டியலில் எழுத வேண்டும். பொருட்களைப் படமெடுப்பவர் அதற்குத் தனி ரீல் போட்டு, தனிக் குறிப்பு எழுதலாம்.

மாதிரி வேலையின் பெயரை மட்டும் எழுதி, அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை மறைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். மூன்று இளைஞர்களும் இதைச் செய்திருந்தார்கள். நான் இதற்காகப் பணமாகவே விலை கொடுத்தேன்.

என் பழைய குறிப்பில் மாதிரி வேலைகள் என்ற தலைப்பின் கீழ் "ஏற்காடு, காபித் தோட்டம், ப்ரீ வெட்டிங்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குரிய காட்சிகள் ரீலில் இருபது நொடிக்குள் ஓடின: சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூடுபனி இறங்க அந்த ஜோடி நடந்து வருவது, பின்னணி கரைந்துபோன ஒரு நெருக்கமான முகம், கடைசியாக மேலிருந்து தோட்டம் முழுவதும் விரியும் ஒரு ட்ரோன் காட்சி. அந்த வேலைக்கு நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் மலையில் தங்கினோம். முதல் நாள் பனி வரவே இல்லை. கார்த்திகை மாதம் என்பதால் மறுநாள் விடியற்காலையில் வந்தது. ட்ரோனை ஓட்டியவர் வேறொருவர், அவர் தனியாகக் கட்டணம் வாங்குபவர். அந்த முகக் காட்சியை எடுத்த 85 மி.மீ. லென்ஸ் வாடகைக்கு எடுத்தது. மொத்தத்தில் அது 65,000 ரூபாய் வேலை. இவற்றில் ஒன்றைக்கூட நான் குறிப்பில் எழுதவில்லை. எழுதினால் என் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, ரீலைப் பார்த்த ஒரு குடும்பத்தார் பங்குனியில் ஒரு நாள் படப்பிடிப்பு கேட்டார்கள். ஒரு நாள், நானும் ஓர் உதவியாளரும், 22,000 ரூபாய் என்று பேசினேன். அவர்கள் எதையும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் ரீலில் பார்த்தது அந்தத் தொகைக்குக் கிடைக்கப்போகிறது என்று நம்பினார்கள். வெயில் ஏறிய மலையில் நாங்கள் மாலை வரை எடுத்தோம். படங்களை முதலில் பார்த்த மணமகளின் தம்பி, "அண்ணா, உங்க வீடியோவுல பனி இருந்துச்சே, மேலேருந்து எடுத்த ஷாட் இருந்துச்சே, இதுல எதுவுமே இல்லையேங்க" என்றான். அவனிடம் கோபம்கூட இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாயால் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ரீலும் அதன் கீழே இருந்த ஒற்றை வரியும் சேர்ந்து வாக்குக் கொடுத்திருந்தன.

என் செலவில் இன்னொரு நாள் போனேன். முதல் நாளுக்கு வண்டி 3,000, உதவியாளருக்கு 1,500, தோட்டத்தில் எடுக்க அனுமதிக்கட்டணம் 2,000 என 6,500 ரூபாய் ஏற்கெனவே போயிருந்தது. இரண்டாம் நாளுக்கு அதே 6,500 ரூபாயும் ட்ரோன்காரருக்கு 7,000 ரூபாயும் சேர்ந்து 13,500. ஆக 22,000 ரூபாயில் என் கையில் நின்றது 2,000. இரண்டு நாள் மலையேற்றத்துக்கும், அதன்பின் ஐந்து நாள் எடிட்டிங்குக்கும் அதுதான் கூலி. இதற்கிடையில் பழைய வேலையில் ட்ரோன் ஓட்டிய நண்பர் என் ரீலைப் பார்த்துவிட்டு, "எடுத்தது யாருன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆறுதலாக ஒன்று நடந்தது. இரண்டாம் முறை போவதற்கு முந்தைய வாரம் மலையில் ஒரு மழை விழுந்திருந்ததால், தோட்டத்தில் காபிப் பூ வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அந்தக் குடும்பத்தாருக்குப் பனியைவிட அது பிடித்துப்போனது. பங்குனிக்கு என்று காட்ட அந்த மலையில் ஒன்று இருக்கிறது என்பதை முன்பே எழுதி வைத்திருந்தால், பனியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போது அதே வேலையை என் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "0:18 ஏற்காடு, காபித் தோட்டம். கார்த்திகை மாதம், இரண்டு நாள், நான்கு பேர். ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் என்னுடையவை. ட்ரோன் காட்சி உடன் வந்த ட்ரோன் ஒளிப்பதிவாளர் எடுத்தது, அதற்குத் தனிக் கட்டணம். மழை, குளிர் மாதங்களின் விடியலில் மூடுபனி வரலாம், உறுதி சொல்ல முடியாது. பங்குனி, சித்திரையில் மழை விழுந்தபின் சில நாட்கள் காபிப் பூ இருக்கும்." நான்கைந்து வரிதான். குறிப்பில் 5,000 எழுத்துவரை இடம் இருப்பதால், இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதை எழுதிய பிறகு அழைப்புகள் கொஞ்சம் குறைந்தன. ஆனால் அழைப்பவர்கள், "ட்ரோனோட சேர்த்து எவ்வளவு ஆகும்" என்று கேட்டுக்கொண்டே தொடங்குகிறார்கள்.

மேலே உள்ள 0:18 ரீலின் நேரம். குறிப்பில் இப்படி எழுதினால் அது தொட்டவுடன் அந்த இடத்துக்குப் போகும் இணைப்பாகிவிடும். ரீலைப் பகுதிகளாகவும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வர வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது:

```
0:00 சேலம், கோயில் திருமணம்
0:18 ஏற்காடு, காபித் தோட்டம்
0:40 மேட்டூர், வரவேற்பு
```

ஓமலூர் இளைஞர்களில் ஒருவர் இரண்டாவது வரியில் 0:05 என்று எழுதிவிட்டு, பகுதிகள் ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

கருவிகளின் பெயரை அடுக்குவது

கேமராவின் மாடல் எண் திருமண வீட்டாருக்கு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கேமரா இருக்கிறது, ஒன்று பழுதானாலும் முகூர்த்தம் நிற்காது, ஒவ்வொன்றும் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது என்று எழுதினால் புரியும். வாடகைக்கு எடுப்பதை வாடகை என்றே எழுத வேண்டும், ஏனென்றால் முகூர்த்த நாளில் சேலத்தில் எல்லோரும் அதே லென்ஸைத்தான் தேடுவார்கள்.

ட்ரோனைக் கருவிப் பட்டியலில் வெறுமனே போடுவது தனித் தவறு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கட்டணத்துக்கு ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எந்த உயரத்திலும் பறக்கவிடக் கூடாது. சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருப்பதால், ஓமலூர்ப் பக்கத்து மண்டபங்கள் பல அந்த வட்டத்துக்குள் வருகின்றன. முன்பணம் வாங்குமுன் ட்ரோன் பறக்கும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டபத்தைப் பார்த்துவிட வேண்டும். "ட்ரோன்: இடத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும்" என்று குறிப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் ஊர்வலத்தன்று யாரும் வானத்தைப் பார்த்து நிற்க மாட்டார்கள்.

சினிமாப் பாட்டு

ரீலில் சேர்த்த பாட்டுக்கு அதன் உரிமைதாரர் உரிமை கோரினால் ரீலே முடங்கலாம். "உரிமை அவர்களுக்கே" என்று கீழே எழுதுவது அனுமதி ஆகாது.

ஜோடியின் பெயர்

கேட்காமல் எழுதக் கூடாது.

"முன்பதிவுக்கு அழைக்கவும்"

எண் மட்டும் போதாது. எத்தனை மணி நேரத்தை ஒரு நாள் என்று கணக்கிடுகிறோம் என்பதை எழுத வேண்டும். விடியற்காலை நான்கு மணி முகூர்த்தமும் இரவு பத்து மணி வரவேற்பும் ஒரே நாள் என்று வீட்டார் நினைப்பது இயல்பு. நான் பத்து மணி நேரம் என்று எழுதி, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனித்தொகை போட்டிருக்கிறேன். முன்பணம் வந்த பிறகே தேதி உறுதி என்பதும் இருக்க வேண்டும். ஆடி முடிந்து ஆவணி வரும்போது ஒரே முகூர்த்த நாளை மூன்று வீட்டார் கேட்பார்கள். அவர்களில் "பேசி வச்சிருக்கோமே" என்று சொல்பவருக்கும் பணம் அனுப்பியவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரிதான் காட்டும். மலைக்குச் செல்லும் வண்டிச் செலவு யாருடையது, தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்ற இரண்டையும் அதற்கடுத்த வரிகளில் எழுதிவிட்டு, கடைசியில் எண்ணை இன்னொரு முறை போடுகிறேன். குறிப்பை முழுவதும் படித்தவர் மறுபடி மேலே போய்த் தேட வேண்டாம்.