டாங்கிள் தெரியவில்லையா? டிரைவர் தேடும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் சர்வீஸ் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள், வைஃபை டாங்கிளோ புளூடூத் அடாப்டரோ டெஸ்க்டாப்பில் தெரியவில்லை என்றதும் நேராக டிரைவர் தேடப் போய்விடுகிறார்கள். சரியாகச் செருகுவது, ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வந்து சேராத டாங்கிளுக்கு டிரைவர் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். டாங்கிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் முதலில் "நீ யார்" என்று கேட்கிறது. டாங்கிள் இரண்டு எண்களைச் சொல்கிறது: ஒன்று தயாரிப்பாளருடையது, மற்றது மாடலுடையது. இந்தப் பேச்சுக்கு டாங்கிளின் டிரைவர் தேவையே இல்லை. எண் வந்த பிறகுதான் டிரைவருக்கு வேலை. எண்ணே வரவில்லை என்றால் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை.

Device Manager-ல் அந்த டிவைஸை ரைட் கிளிக் செய்து Properties, Details, Hardware Ids என்று போங்கள். உதாரணமாக `USB\VID_0BDA&PID_8179` என்று வந்தால் அது ரியல்டெக் சிப். டாங்கிள் தன்னைச் சொல்லிவிட்டது, இனி டிரைவரைப் பார்க்கலாம். `USB\VID_0000&PID_0002` என்றும் பெயர் Unknown USB Device (Device Descriptor Request Failed) என்றும் வந்தால், பதில் வந்து சேரவில்லை. போர்ட், ஒயர், மின்சாரம், டாங்கிள் இவற்றில் ஒன்றில் கோளாறு. செருகியும் பட்டியலில் எதுவுமே மாறவில்லை என்றாலும் முதலில் இதே பக்கம்தான் தேட வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாங்கிள் முன்பக்கப் போர்ட்டில் இருந்தது, Device Manager-ல் Code 43 என்ற பிழை காட்டியது. தெரிந்தவர் ஒருவர் டிரைவர் மாற்றி டிரைவர் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் விண்டோஸையே பார்மட் செய்துவிட்டார். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த புராஜெக்ட் போய்விட்டது, Code 43 போகவில்லை. அதே டாங்கிளைப் பின்பக்கப் போர்ட்டில் செருகினோம், உடனே எண் வந்தது. கேபினெட்டைத் திறந்தால், முன்பக்கப் போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்கு வரும் ஒயர் அதன் பின்களில் பாதிதான் இறங்கியிருந்தது. அழுத்திச் செருகியதும் முன்பக்கமும் சரியானது.

"முன்பக்கத்தில் மவுஸ் வேலை செய்ததே" என்று அவர் கேட்டார். மவுஸ் பெரும்பாலும் 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும், மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். வைஃபை டாங்கிள் 480 எம்பிபிஎஸ்ஸில் பேச வேண்டும். அரைகுறை இணைப்பில் மவுஸ் ஓடும், டாங்கிள் ஓடாது. போர்ட்டைச் சோதிக்க மவுஸ் போதாது. ஒரு பென் டிரைவைச் செருகிப் பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள்.

மின் இணைப்பு இல்லாத ஹப்

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப் அதைத்தான் எல்லாருக்கும் பங்கிடுகிறது. டாங்கிள் தெரிகிறது, ஆனால் டவுன்லோடு தொடங்கியதும் காணாமல் போகிறது என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ஹப்பை விட்டு மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்துத் தப்பாக முடிவெடுப்பது

லேப்டாப்பில் செருகி, வைஃபை வரவில்லை என்றதும் டாங்கிள் செத்துவிட்டது என்கிறார்கள். அங்கே டிரைவர் இல்லாமலும் இருக்கலாம். வைஃபையைத் தேடாதீர்கள், எண் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயும் பல போர்ட்டுகளில் எண் வரவில்லை என்றால்தான் டாங்கிள் போய்விட்டது என்று சொல்லலாம்.

லேப்டாப்பில் எண் வந்தால் டாங்கிள் நல்லது. அதற்காக டெஸ்க்டாப்பின் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஆகாது. அதைப் பிரித்தறிய, உபுண்டு ஏற்றிய பென் டிரைவில் அதே டெஸ்க்டாப்பை பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் வேண்டாம், Try கொடுத்தால் போதும். டாங்கிளை அதே போர்ட்டில் வைத்து டெர்மினலில்:

```
lsusb
```

பட்டியலில் `0bda:8179` போல டாங்கிளின் எண் வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது, விண்டோஸைப் பார்க்க வேண்டும். இங்கேயும் வரவில்லை என்றால் பார்மட் செய்து பயனில்லை.

சிடி டிரைவாகத் தெரிந்தால்

பழுதில்லை. சில ரியல்டெக் டாங்கிள்கள் முதலில் `0BDA`, `1A2B` என்ற எண்களோடு சிடியாக வரும், டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். அதை இன்ஸ்டால் செய்ததும் வைஃபையாக மாறும்.

இரண்டு புளூடூத்

மதர்போர்டில் ஏற்கெனவே புளூடூத் இருந்தால், டாங்கிளைப் பயன்படுத்த Device Manager-ல் மதர்போர்டுடையதை Disable செய்யுங்கள்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்

போடாதீர்கள். எண் கையில் இருக்கிறது, ஆனால் டெஸ்க்டாப்பில் நெட் இல்லை என்றால், போனை ஒயரில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், பல டாங்கிள்களுக்கு டிரைவர் அங்கேயே வந்துவிடும். வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் தேடுங்கள்.