கேஸ் கமெண்ட்ல செய்யக்கூடாத தப்புகள்: கௌஷல் தீர்ப்பை வச்சு பார்ப்போம்

லா ஸ்டூடண்ட்ஸ் எழுதுற கேஸ் கமெண்ட்ல பாதிக்கு மேல ஒரே அச்சுதான், ஃபேக்ட்ஸ், இஷ்யூஸ், ரெண்டு பக்க வாதம், கோர்ட் சொன்னது, கடைசியில நாலு வரில "இந்தத் தீர்ப்பு ஏமாற்றம் தருது". அந்த நாலு வரியைத்தான் நாலு பக்கமா எழுதணும், மத்ததெல்லாம் ஒரு பாராவுல முடியணும். எப்படின்னு சுரேஷ் குமார் கௌஷல் கேஸ வச்சே சொல்றேன்.

கதை சுருக்கமா இதான். தனிமையில வயசு வந்தவங்க சம்மதத்தோட நடக்குற உறவுக்கு, இயற்கைக்கு மாறான உறவைக் குற்றமாக்கின ஐபிசி செக்‌ஷன் 377 பொருந்தாதுன்னு டெல்லி ஹைகோர்ட் 2009-ல நாஸ் ஃபவுண்டேஷன் கேஸ்ல சொல்லுச்சு. 2013 டிசம்பர் 11 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டோட ரெண்டு நீதிபதி பெஞ்ச் அதை ரத்து பண்ணுச்சு. 2018-ல நவ்தேஜ் சிங் ஜோஹர் கேஸ்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் கௌஷலை ஓவர்ரூல் பண்ணிடுச்சு.

நிறைய பேர் சறுக்குறது இங்கதான். "நவ்தேஜ்ல ஓவர்ரூல் ஆயிடுச்சு, அதனால கௌஷல் தப்பு"ன்னு எழுதிட்டு விமர்சனம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்குறாங்க. பெரிய பெஞ்ச் சொன்னதால ஒரு தீர்ப்பு செல்லாம போகலாம், ஆனா அதோட வாதம் எந்த இடத்துல உடையுதுன்னு அது சொல்லிடாதே. 2013 டிசம்பர்ல உக்காந்து, அன்னிக்கு கையில இருந்த சட்டத்தையும் ரெக்கார்டையும் மட்டும் வச்சு என்ன குறை சொல்ல முடியும்? அதை எழுதுங்க.

உதாரணத்துக்கு, சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு சொல்ற ஆர்டிக்கிள் 14. சட்டம் ஆட்களை வகை பிரிச்சா ரெண்டு கேள்வி கேக்கணும்னு 1950கள்லேர்ந்தே கோர்ட் சொல்லிட்டு வருது: பிரிக்கிறதுக்குப் புரியுற மாதிரி ஒரு வித்தியாசம் இருக்கா, அந்த வித்தியாசத்துக்கும் சட்டத்தோட நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கா. கௌஷல்ல கோர்ட் என்ன செஞ்சுதுன்னா, இயற்கையான முறையில உறவு வச்சுக்குறவங்க ஒரு வகை, இயற்கைக்கு மாறா வச்சுக்குறவங்க வேற வகை, அதனால ரெண்டாவது வகைக்காரங்க இது பாரபட்சம்னு சொல்ல முடியாதுன்னு முடிச்சிடுச்சு. முதல் கேள்விக்கு மட்டும்தான் இது பதில், அதுவும் செக்‌ஷன்ல இருக்குற வார்த்தையையே திருப்பிச் சொல்ற பதில். சம்மதத்தோட நடக்குறதைத் தண்டிச்சு இந்த சட்டம் எதை சாதிக்கப் பாக்குதுங்குற ரெண்டாவது கேள்வியை அந்த இடத்துல கேக்கவே இல்ல. "கோர்ட் ஆர்டிக்கிள் 14-ஐ சரியா பரிசீலிக்கல"ன்னு எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க, எந்தப் படியைத் தாண்டிப் போச்சுன்னு பாரா நம்பரோட காட்டணும்.

இன்னொண்ணு, தீர்ப்போட ஒரு பாராவை இன்னொரு பாராவோட மோத விட்டுப் பாக்காம இருக்குறது. கௌஷல்ல ஒரு இடத்துல செக்‌ஷன் 377 எந்த மக்களையும் அடையாளத்தையும் குற்றமாக்கல, சில செயல்களைத்தான் சொல்லுதுன்னு வருது. கொஞ்சம் தள்ளி, நாட்டு ஜனத்தொகையில எல்ஜிபிடி மக்கள் மிகச் சிறிய பகுதி, 150 வருஷத்துக்கு மேல 200-க்கும் குறைவான பேர் மேலதான் வழக்கு நடந்திருக்கு, அதை ஹைகோர்ட் கவனிக்கலன்னு வருது. சட்டம் ஆட்களைப் பத்தினதே இல்லன்னா ஆட்களை எதுக்கு எண்ணணும்? எண்ணித்தான் ஆகணும்னா சட்டம் யாரைத் தொடுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? அந்த 200-ம் ரிப்போர்ட் ஆன ஆர்டர்களை வச்சு வந்த கணக்குன்னு தீர்ப்பே சொல்லுது, போலீஸ் மிரட்டலோட முடிஞ்சது, கீழ் கோர்ட்டோட நின்னது எதுவும் அதுல வராது. எனக்கு இந்தத் தீர்ப்புல ரொம்ப பலவீனமான இடம் இதுதான், ஒரு நல்ல கமெண்ட்டுக்கு இந்த ஒரு முரணே போதும்.

கோர்ட்டோட பலமான வாதத்தை ஒளிச்சு வைக்கிறதும் தப்புதான். லா கமிஷன் 2000-லயே தன்னோட 172வது ரிப்போர்ட்ல இந்த செக்‌ஷனை நீக்கச் சொல்லியும் பார்லிமெண்ட் நீக்கல, 2013-ல பாலியல் குற்றச் சட்டத்தைத் திருத்தினப்பவும் தொடல, அதனால கோர்ட் அடக்கமா இருக்கணும்னு பெஞ்ச் சொல்லுது. இதை முழு பலத்தோட எடுத்து வச்சிட்டு அப்புறம் பதில் சொல்லுங்க: பார்லிமெண்ட் சும்மா இருந்தா உரிமை மீறல் சரியாகிடுமா, அப்படின்னா அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாதுன்னு சொல்ற ஆர்டிக்கிள் 13 எதுக்கு இருக்கு?

கடைசியா, கோர்ட் "ரெக்கார்டுல இல்ல"ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. அரசு ஏஜென்சிகள் பாரபட்சமா நடந்துக்கிட்டதுக்கு மனுவுல விவரமே இல்லன்னு கௌஷல் சொல்லுது. டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பை எடுத்துப் பாத்தா, வாய்சஸ் அகெய்ன்ஸ்ட் 377 அமைப்பு தாக்கல் பண்ண அஃபிடவிட்ல இருந்த துன்புறுத்தல் சம்பவங்களை எடுத்துச் சொல்லியிருக்கு. நாஸ் மனுவுல விவரம் குறைவா இருந்திருக்கலாம், அதைக் கமெண்ட்ல ஒத்துக்கங்க, ஆனா கோர்ட் முன்னாடி இருந்த மொத்த ரெக்கார்டும் அந்த ஒரு மனு மட்டும் இல்ல. கீழ் கோர்ட் தீர்ப்பைத் திறக்காம எழுதினா இந்தப் பாயிண்ட் உங்க கண்ணுலயே படாது.