கடை மூலைய வாடகைக்கு விடும்போது நாள் முழுக்க ஒரே ரேட் போடாதீங்க

எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்கற தம்பி போன வாரம் வந்து, "அண்ணே, கடை முன்னாடி மூலைய மொபைல் கவர் விக்கிறவருக்கு விட்டாச்சு, மாசம் 3,000, பதினோரு மாசம் அக்ரிமென்ட்"னு சந்தோஷமா சொன்னாரு. கேட்டதும் எனக்கு வயித்தெரிச்சலா போச்சு, ஏன்னா என் ஜெராக்ஸ் கடை மூலைய நானும் இதே தொகைக்கு இதே மாதிரி ஒருத்தருக்கு விட்டு ஒரு வருஷம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதான் எழுதுறேன்.

மொத்தக் கூட்டத்த எண்ணி நாளுக்கு ரேட் போடுறது

அப்ப நான் பண்ணது இதுதான். காலைல 6 மணிலேருந்து ராத்திரி 9 வரைக்கும் கடைப்பக்கமா நடந்து போறவங்கள எண்ணினேன், 1,350 பேர் வந்துச்சு. 15 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 90 பேர், சுமாரான இடம்தான்னு நினைச்சு 3,000க்கு ஒத்துக்கிட்டேன். ஆனா மணிக்கு 90 பேர் போற நேரம்னு ஒண்ணு அந்த இடத்துல கிடையவே கிடையாது. காலை 6லேருந்து 9 வரைக்கும் 350 பேர், கோயிலுக்கும் பஸ்ஸுக்கும் போறவங்க. 9லேருந்து 5 வரைக்கும் வெயில்ல மணிக்கு 50 பேர் தேறினாலே பெருசு. சாயங்காலம் 5லேருந்து 9க்குள்ள மட்டும் 600 பேர். அதாவது என்கிட்ட இருந்தது ஒரு இடம் இல்ல, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு இடம், நான் ரெண்டையும் சேத்து ஒரே ஆளுக்குக் குடுத்துட்டேன்.

கவர்காரர் சாயங்காலம் 4 மணிக்குத்தான் வருவாரு, மத்த நேரமெல்லாம் அவர் டேபிள் தார்ப்பாய் போட்டு மூடி அங்கேயே கிடக்கும். ஒரு பூக்கார அம்மா வந்து, "தம்பி, காலைல மட்டும் உக்காந்துக்கறேன், தினம் 50 ரூவா தர்றேன்"னு கேட்டாங்க. அக்ரிமென்ட்ல நேரமே எழுதல, அதனால முடியாதுன்னு சொல்லி அனுப்பினேன். அந்தம்மா எதிர்வரிசை கடை வாசல்ல உக்காந்து யாவாரம் பண்றத பதினோரு மாசமும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

இப்ப நான் எண்ணுற முறை வேற. ஒவ்வொரு மணி நேரத்துலயும் 15 நிமிஷம் மட்டும், நம்ம வரிசையில நடக்கறவங்கள மட்டும் எண்ணி நாலால பெருக்கிக்கறது. சாதாரண நாள் ஒண்ணு, சனி இல்ல ஞாயிறு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. மார்கழி காலைக் கூட்டத்தையும் மே மாச ஸ்கூல் லீவையும் வச்சு வருஷத்துக்கு ரேட் போடக்கூடாது.

அடுத்தது, வர்றவர் அந்த நேரத்துல என்ன சம்பாதிக்க முடியும்னு அவர் பக்கம் நின்னு பாக்கணும். சாயங்காலம் சூப் கடை போடுறார்னு வைங்க. 600 பேர்ல நூத்துக்கு ஆறு பேர் நின்னா 36 கப், 30 ரூவா வீதம் 1,080. சரக்குக்குப் பாதி போனா 540 மிச்சம். அதுல கேஸ், அவர் கூலி எல்லாம் போகணும், அதனால நாளுக்கு 130க்கு மேல கேட்டா அவருக்குத் தாங்காது. 26 நாளைக்கு 3,380. காலைல பூக்கடை 50 வீதம் 1,300. ரெண்டும் சேந்து 4,680. நான் வாங்கினது 3,000. மாசம் 1,680 வீதம் பதினோரு மாசத்துக்கு 18,480 ரூவா, நேரத்த எழுதாம விட்டதுக்காக மட்டும் போனது.

நூத்துக்கு ஆறுங்கறது என் இடத்துக்கு வந்த கணக்கு, உங்களுக்கு அது ரெண்டாவும் இருக்கலாம். அதனால முதல் ஒரு வாரம் நாள் வாடகைக்கு விட்டு அவர் யாவாரத்தப் பக்கத்துலேருந்து பாருங்க. ரேட் ஜாஸ்தியாயிட்டா அவர் வாயத் திறந்து சொல்ல மாட்டாரு, லேட்டா வர ஆரம்பிப்பாரு, வாரத்துல ரெண்டு நாள் வரவே மாட்டாரு. அத பாத்ததும் கூப்பிட்டுப் பேசி இறக்கிடுங்க.

பொருள எடுத்துட்டுப் போற நேரத்த எழுதாம விடுறது

"காலை 6 முதல் 9.15 வரை, டேபிள், கூடை எல்லாம் எடுத்துடணும்"னு எழுதணும். ரெண்டு பேருக்கும் நடுவுல அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்க, பூத் தண்ணியும் நாரும் கிடந்தா அடுத்தவர் கூட்டிக்கிட்டு இருக்க மாட்டாரு, சண்டை உங்ககிட்ட வரும்.

பார்க்கிங்குக்கும் கூட்டக் கணக்கு போடுறது

கார் நிறுத்தறவருக்கு ரோட்டுல எத்தன பேர் நடக்கறாங்கன்னு என்ன கவலை? கடை மூடினப்பறம் ராத்திரி 9.30லேருந்து காலை 5.30 வரைக்கும், பக்கத்துல வீட்டுல இடமில்லாதவங்களுக்கு மாச ரேட்ல விடுங்க. காலைல லேட்டா எடுத்தா மணிக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசிடணும், பூக்கடை 6 மணிக்கு வந்து நிக்கும்.

கடையே வாடகைக் கடைன்னா

கட்டட ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம உள்வாடகைக்கு விடக்கூடாது, தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017 அப்படித்தான் சொல்லுது.

நடைபாதை

அது உங்க இடம் இல்ல, வாடகை வாங்காதீங்க.

கரண்ட்

சப் மீட்டர் போடுங்க.

தையல் கடைத் தம்பிகிட்ட அக்ரிமென்ட்ல கையெழுத்து ஆயிடுச்சான்னு கேட்டேன், இன்னும் இல்ல, அட்வான்ஸ்தான் வாங்கியிருக்காராம். நாளைக்குக் காலைல 6 மணிக்கு ரெண்டு பேரும் அவர் கடை வாசல்ல நின்னு எண்ணப் போறோம்.