லிஃப்டில் மேனேஜர் ஏறிவிட்டால்: பி2 முதல் ஏழாவது மாடி வரை

நாற்பது விநாடி. எங்கள் ஆபீஸில் பி2 அடித்தள பார்க்கிங்கிலிருந்து ஏழாவது மாடிக்கு, லிஃப்ட் நடுவில் எங்கும் நிற்காமல் போனால் ஆகிற நேரம். மூன்று நாள் மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். எதற்காக இந்த வேலையில் இறங்கினேன் என்பது படி 3-இல் வரும்.

ஓ.எம்.ஆர். ஐடி ஆபீஸை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, 'சார்', 'மேடம்' என்பதா என்று குழம்ப வேண்டாம். மீட்டிங்கில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அதுவே லிஃப்டிலும்.

படி 1: பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்

வண்டியை ஸ்டாண்ட் போடும்போது இருபதடி தள்ளி அவர் காரைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே பலர் செய்கிற தப்பு, முழு ஹெல்மெட்டோடு தலையை ஆட்டுவது. உள்ளே இருப்பது நீங்களா, சாப்பாடு கொண்டுவந்த பையனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் முகப்பகுதியை மேலே தூக்கும் ஃபிளிப்-அப் ஹெல்மெட்டுக்கு மாறினேன். கொஞ்சம் கனம்தான், ஆனால் ஒரு கையால் திறந்துவிடலாம்.

தூரத்திலிருந்து பார்த்துவிட்டால் வணக்கம் இரண்டு தவணையாக வரும். 1973-இல் ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு பிறந்தநாள் விருந்தில் மனிதர்கள் எப்படி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். தூரத்தில் ஒரு கையசைப்போ தலையசைப்போ. நெருங்கி வரும் வழியில் பார்வை வேறு பக்கம் போகும். அருகே வந்ததும் மறுபடி பார்த்து, பேச்சு. பார்க்கிங்கில் நடப்பதும் அதேதான். தலையசைத்தபின் இருபதடியும் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நடக்காதீர்கள்; ஏழாவது அடியிலேயே கன்னம் வலிக்கும். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டுங்கள், பையைச் சரிசெய்யுங்கள். 'குட் மார்னிங்' பக்கத்தில் போனபிறகு.

படி 2: ஒரு வணக்கம், ஒரு வரி

லிஃப்டுக்குள் வணக்கத்தோடு கூட ஒரே ஒரு வரி போதும். அது இருவரும் இப்போதுதான் கடந்துவந்த ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்: சோழிங்கநல்லூர் சிக்னல், மெட்ரோ வேலை, காலை மழை. 'மெலிஞ்சிட்டீங்களே' வேண்டாம். லீவு, அப்ரைசல் பேச்சும் வேண்டாம்.

'சாப்டாச்சா?' மதியம் ஒரு மணிக்கு மேல் அருமையான வரி. காலை ஒன்பதரைக்கு நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "எந்தச் சாப்பாடுப்பா?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

காதில் இயர்பட் இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படி 3: அந்த மௌனம்

வணக்கமும் சிக்னல் பேச்சும் முடிய பத்துப் பன்னிரண்டு விநாடி. லிஃப்ட் இன்னும் முதல் மாடியைக்கூடத் தாண்டியிருக்காது. நான் விழுந்தது இங்கேதான்.

ரிலீஸ் வாரம். நானும் அவரும் மட்டும். பேச்சு நின்றது. மூன்று விநாடி பொறுத்திருப்பேன். வாய் தானாகத் திறந்து, "அந்த பேமென்ட் டிஃபெக்ட் முடிஞ்சிடுச்சு சார்" என்றது. உண்மையில் என் மெஷினில் மட்டும்தான் சரியாகியிருந்தது. டெஸ்டர் இன்னும் தொடவே இல்லை. அவர் "சூப்பர்" என்று சொல்லி இறங்கிப் போனார். பத்து மணி காலில் கிளையண்டிடம் அது முடிந்துவிட்டது என்று சொல்லியும்விட்டார். மதியம் இரண்டு மணிக்கு டெஸ்டர் அதை ரீஓப்பன் செய்தார். மேனேஜர் திட்டவில்லை. "லிஃப்ட்ல சொன்னியேப்பா" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கெயில் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர் ஆங்கில உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்து, பேச்சுக்கு நடுவே மௌனம் ஏறக்குறைய ஒரு விநாடியைத் தொட்டதும் யாராவது ஒருவர் அதை நிரப்பிவிடும் வழக்கத்தை 1989-இல் எழுதியிருக்கிறார். என் வாய் திறந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். ஆனால் லிஃப்டில் நமக்கு நடுவே உரையாடல் எதுவும் அறுபடவில்லை. வணக்கம் சொல்லியாயிற்று, பதில் வந்தாயிற்று, கணக்கு முடிந்தது. மிச்சம் இருப்பது பஸ்ஸில் பக்கத்து சீட்காரரோடு வரும் மௌனம். அதை யாரும் நிரப்புவதில்லை.

எனவே செய்ய வேண்டியது உடம்பால்தான். வரி முடிந்ததும் கதவுப் பக்கம் திரும்பி அவருக்கு இணையாக நில்லுங்கள். எதிரெதிரே நின்றால் மௌனம் கேள்வி மாதிரி இருக்கும். பக்கம் பக்கமாக நின்றால் பயணம் மாதிரி. கண் மாடி எண் காட்டும் பலகையில். மொபைலை எடுக்காதீர்கள். எங்கள் பி2-வில் சிக்னலே கிடையாது, அது அவருக்கும் தெரியும். வராத மெசேஜைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது நன்றாகவே தெரியும்.

அவர் பேசினால்? தோள் உங்கள் பக்கம் திரும்பினால் பேச விரும்புகிறார் என்று அர்த்தம். "எப்படிப் போகுது?" என்பது பெரும்பாலும் இன்னொரு வணக்கம்தான், ஸ்டேட்டஸ் கேட்பதில்லை. "நல்லா போகுது சார்" போதும். பெயர் சொல்லி ஒரு வேலையைக் கேட்டால், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். ரீஓப்பன் ஆன அடுத்த வாரம் அதே லிஃப்டில் நடந்தது இது:

"அந்த டிஃபெக்ட் என்னாச்சு?"
"டெஸ்டிங்ல இருக்கு சார். மதியம் தெரிஞ்சிடும், மெயில் போடறேன்."
"சரி."

இதற்குப் பிறகு இருபது விநாடி இருவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றும் ஆகவில்லை.

தரைத்தளத்தில் நின்று கூட்டம் ஏறினால் இன்னும் வசதி. பேச்சு பாதியில் நின்றாலும் அதைத் தொடர வேண்டாம், குறிப்பாக வேலைப் பேச்சை. ஏறியவர்கள் வேறு கம்பெனிக்காரர்களாக இருக்கலாம்.

படி 4: இறங்குவது

கதவருகே நிற்பவர் முதலில் இறங்க வேண்டும். மரியாதைக்காக 'நீங்க போங்க சார்' என்று கதவை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் உள்ளவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இறங்கி, ஒரு "பார்க்கலாம் சார்", உங்கள் சீட் இருக்கும் பக்கம் நடை.

பின்சேர்க்கை 1: 'இறங்கியபிறகும் இருவரும் ஒரே காரிடாரில் நடக்க வேண்டியிருக்கிறதே' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர் பாட்டில் நிரப்பப் போய்விடுவேன். அதனால் காலையில் வீட்டிலிருந்து பாட்டிலைக் காலியாகத்தான் கொண்டுவருகிறேன்.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகி, தன் மேனேஜர் புளூடூத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் 'குட் மார்னிங்' சொல்லி, அவர் 'ஒன் மினிட்' என்று காதைத் தொட்டுக் காட்டினாராம். முடி காதை மறைத்தால் தெரியாதுதான். சந்தேகமிருந்தால் தலையசைப்பு மட்டும் போதும். அழைப்பை முடித்தபின் அவராகத் திரும்பிப் பார்த்தால் அப்போது வாயைத் திறக்கலாம்.

பின்சேர்க்கை 3: மேனேஜரோடு அவருடைய மேனேஜரும் இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். படி 2-இன் அந்த ஒரு வரியையும் விட்டுவிடுங்கள். அவர்களுக்கும் அதே நாற்பது விநாடி, அதே மௌனம். ஒருநாள் அப்படி மூவரும் ஏறியபோது அதை நிரப்பத் தவித்தது என் மேனேஜர்தான். ஐந்தாவது மாடி வரும்போது, "மழை வரும் போல இருக்கு சார்" என்றார் பெரியவரிடம். நாங்கள் மூவரும் பி2-விலிருந்து வந்துகொண்டிருந்தோம்.