ஒரு, ஓர்: கட்டுரையில் எதை எங்கே எழுதுவது?

பேச்சில் நமக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை. ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு வீடு என்று எல்லாவற்றுக்கும் ‘ஒரு’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம்; கேட்பவருக்கும் அது உறுத்துவதில்லை. தேர்வுக் கட்டுரை, ஆய்வுக் கட்டுரை, மலருக்கு அனுப்பும் கட்டுரை என்று முறையான உரைநடைக்கு வரும்போதுதான், உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மெய்யொலிக்கு முன் ‘ஒரு’ என்ற வேறுபாடு எதிர்பார்க்கப்படுகிறது. விதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் பிழைகள் தொடர்ந்து வருவதற்குக் காரணம், எந்தச் சொல்லைப் பார்த்து முடிவு செய்வது, எப்போது முடிவு செய்வது என்ற இரண்டையும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதுதான். அந்த இரண்டையும் முதன்மையாக வைத்தே கீழே உள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: விதியின் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

‘ஒரு’ என்ற சொல் உகரத்தில், அதாவது உயிரொலியில், முடிகிறது. அடுத்து ‘ஊர்’ என்ற சொல் வந்தால் உகரமும் ஊகாரமும் நேருக்கு நேர் மோதுகின்றன. இரண்டு உயிர்கள் இப்படி அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ்ப் புணர்ச்சி விரும்புவதில்லை. ஆகவே ‘ஒரு’ தன் இறுதி உகரத்தை இழக்கிறது. இழந்த மாத்திரையை ஈடுசெய்வதுபோல முதலில் உள்ள ஒகரம் ஓகாரமாக நீள்கிறது. இப்படித்தான் ‘ஓர்’ பிறக்கிறது. முதல் இரண்டு எண்களின் முன் உயிர் வந்தால் உகரம் கெட்டு முதலெழுத்து நீளும் என்று தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் சொல்வது இதைத்தான். ‘இரு’ என்பது ‘ஈராண்டு’, ‘ஈருருளி’ போன்ற சொற்களில் ‘ஈர்’ ஆவதும் இதே விதியால்தான்.

‘ஒரு வீடு’ என்னும்போது வகர மெய் இடையில் வந்துவிடுவதால் மோதல் இல்லை. உகரம் கெட வேண்டிய தேவையும் இல்லை. இந்தக் காரணம் மனத்தில் இருந்தால் ஒரு தவறான எண்ணம் தானாகவே விலகிவிடும். ‘ஓர்’ என்பது ‘ஒரு’வைவிட இலக்கியத் தரமானது என்று சிலர் நினைத்து ‘ஓர் நாள்’, ‘ஓர் புத்தகம்’, ‘ஓர் பெண்’ என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் ‘ஒரு ஊர்’ என்பதைவிட இதுதான் பெரிய பிழை. ‘ஒரு ஊர்’ என்பதற்குப் பேச்சு வழக்கின் துணையாவது உண்டு. உரைநடையில் ‘ஓர் நாள்’ என்பதற்குப் பேச்சின் துணையும் இல்லை, இலக்கணத்தின் துணையும் இல்லை. செய்யுளில் ஓசை கருதி ‘ஓர்’ மெய்க்கு முன்னும் வருவதுண்டு. அதைக் காட்டிக் கட்டுரையில் எழுத இயலாது.

படி 2: முதலில் அந்தச் சொல் தேவையா என்று பாருங்கள்

‘அவர் ஒரு ஆசிரியர்’ என்ற தொடரை ‘அவர் ஓர் ஆசிரியர்’ என்று திருத்தலாம்; ‘அவர் ஆசிரியர்’ என்று எழுதினாலே போதும். ‘ஒரு’ என்பது தமிழில் எண்ணைக் குறிக்கும் சொல். பலவற்றுள் ஒன்று என்றோ, குறிப்பிட்டுச் சொல்லாத ஏதோ ஒன்று என்றோ சொல்ல வேண்டிய இடத்தில் அது பொருள் தரும். மற்ற இடங்களில் வெறும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொருள் தராத ‘ஒரு’வை நீக்கிவிட்டால், திருத்த வேண்டிய இடங்களும் குறைந்துவிடும்.

படி 3: அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பாருங்கள்

முடிவு செய்வது பொருளால் அன்று, இடத்தால். ‘ஒரு’ எந்தப் பெயர்ச்சொல்லைச் சுட்டுகிறது என்பது இங்கே கணக்கில் வராது. அதற்கு அடுத்தபடியாக எந்தச் சொல் நிற்கிறதோ, அதன் முதல் எழுத்தே முடிவு செய்யும். ‘ஓர் ஊர்’ சரி. இடையில் ‘சிறிய’ வந்துவிட்டால் ‘ஒரு சிறிய ஊர்’. ‘ஒரு வீடு’ சரி. இடையில் ‘அழகிய’ வந்தால் ‘ஓர் அழகிய வீடு’. மேற்கோள் குறியோ அடைப்புக்குறியோ நடுவில் வந்தாலும் ஒலி மாறுவதில்லை என்பதால் விதியும் மாறாது.

அந்த முதல் எழுத்து அ முதல் ஔ வரையுள்ள பன்னிரண்டில் ஒன்றாக இருந்தால் ‘ஓர்’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஒரு’. தொடக்க நிலையில் இருப்பவர்கள் உயிர்மெய்யில் தடுமாறுவது வழக்கம். ‘க’ என்பதில் அகரம் இருந்தாலும் அது க் என்ற மெய்யில்தான் தொடங்குகிறது. ஆகவே ‘ஒரு கல்’. ஆனால் ‘உயிர்மெய்’ என்ற அந்தச் சொல்லே உகரத்தில் தொடங்குவதால், ‘ஓர் உயிர்மெய்’ என்றுதான் எழுத வேண்டும்!

காதை நம்பினால் தவறு நேரக்கூடிய ஓர் இடம் உண்டு. ‘எலி’, ‘ஏணி’ போன்ற சொற்களைப் பலர் ‘யெலி’, ‘யேணி’ என்று யகரம் கலந்தே ஒலிக்கிறார்கள். எழுத்தில் அவை உயிரில் தொடங்குவன. ஆகவே ‘ஓர் எலி’, ‘ஓர் ஏணி’. மறுபுறம் ‘யானை’, ‘யுகம்’ ஆகியவை எழுத்திலேயே யகர மெய்யில் தொடங்குவதால் இன்றைய உரைநடையில் ‘ஒரு யானை’, ‘ஒரு யுகம்’ என்பதே முறை. பிறமொழிச் சொற்களுக்கும் தமிழில் எழுதிய வடிவமே அளவுகோல்: ஓர் ஆப்பிள், ஓர் ஏக்கர், ஒரு யூனிட், ஒரு ஹெக்டேர். ‘ஃபேன்’ என்பதில் ஆய்தம் முன்னே நின்றாலும் ஒலி மெய்யொலிதான். ‘ஒரு ஃபேன்’ என்றே எழுதலாம்.

இதற்கிடையே ஒரு சிறு குறிப்பு: ‘ஒரு’வுக்குப் பின் வல்லினம் மிகாது. ‘ஒருப் பெண்’, ‘ஒருக் கதை’ என்று ஒற்றுப் போட வேண்டாம்.

படி 4: ‘ஒரு’ ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடுங்கள்

தனியாக நிற்கும் ‘ஒரு’வைத் திருத்திவிட்டு, வேறு சொல்லோடு ஒட்டி நிற்கும் ‘ஒரு’வை விட்டுவிடுவதே கவனமாக எழுதுபவர்களிடமும் காணப்படும் குறை. ஒவ்வொரு, மற்றொரு, இன்னொரு, வேறொரு ஆகியவற்றின் இறுதியிலும் அதே ‘ஒரு’தான் இருக்கிறது. எனவே ‘ஒவ்வொரு நாளும்’ என்பதற்கு எதிரே ‘ஒவ்வோர் ஆண்டும்’, ‘மற்றொரு கருத்து’ என்பதற்கு எதிரே ‘மற்றோர் எடுத்துக்காட்டு’, ‘வேறொரு வழி’ என்பதற்கு எதிரே ‘வேறோர் இடம்’ என்று வரும். ‘ஒரே’ என்பது மட்டும் மாறாது. அதன் இறுதியில் உகரமே இல்லை. ‘ஒரே இடம்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ‘ஒரே ஒரு ஆள்’ என்னும்போது இரண்டாவதாக வருவது ‘ஒரு’ என்பதால் அது ‘ஒரே ஓர் ஆள்’ ஆகும்.

ஓரளவு, ஓரிடம், ஓராண்டு, ஓரிரு, ஓரங்க நாடகம் ஆகியவற்றை நாம் யோசிக்காமலேயே சரியாக எழுதுகிறோம். ‘இருபத்தோராம் நூற்றாண்டு’ என்பதும் அப்படித்தான்: ‘ஆம்’ உயிரில் தொடங்குவதால் அங்கே ‘ஓர்’ வந்திருக்கிறது. ஐயம் வரும்போது இந்தச் சொற்களை நினைத்துப் பார்த்தால் எது முறை என்பது விளங்கிவிடும்.

படி 5: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

கீழே இருப்பது ஒரு மாணவர் எழுதக்கூடிய பத்தி.

> நூலகம் ஒரு அறிவுக் களஞ்சியம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நூலகம் இருந்தால், ஓர் மாணவர் தமக்கு வேண்டிய ஒரு நூலை அங்கேயே படிக்க முடியும். அந்த நூல் இல்லையெனில் மற்றொரு இடத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஒரு ஏற்பாடும் இருக்க வேண்டும்.

‘ஒரு அறிவுக் களஞ்சியம்’ என்பதில் அடுத்த சொல் அகரத்தில் தொடங்குகிறது. ‘ஓர் அறிவுக் களஞ்சியம்’ ஆக்கலாம். இரண்டாம் படியின்படி பார்த்தால் ‘நூலகம் அறிவுக் களஞ்சியம்’ என்பதே போதும். ‘ஒவ்வொரு ஊரிலும்’ என்பது ‘ஒவ்வோர் ஊரிலும்’ ஆகிறது. ‘ஒரு நூலகம்’ சரியாகவே இருக்கிறது. எண்ணிக்கைப் பொருளும் அங்கே தேவைப்படுகிறது. ‘ஓர் மாணவர்’ என்பது அழகு கருதிச் செய்த பிழை. ‘ஒரு மாணவர்’ என்றோ, இன்னும் இயல்பாக ‘மாணவர் ஒருவர்’ என்றோ எழுதலாம். ‘வேண்டிய ஒரு நூலை’ என்பதில் ‘ஒரு’ எதையும் சேர்க்கவில்லை, நீக்கிவிடலாம். இறுதி வாக்கியத்தில் ‘மற்றோர் இடத்திலிருந்து’ என்று மாற்ற வேண்டும். ‘ஒரு ஏற்பாடும்’ என்பதில் ‘ஒரு’வை விட்டுவிட வேண்டும். திருத்திய பத்தி இது:

> நூலகம் அறிவுக் களஞ்சியம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு நூலகம் இருந்தால், மாணவர் ஒருவர் தமக்கு வேண்டிய நூலை அங்கேயே படிக்க முடியும். அந்த நூல் இல்லையெனில் மற்றோர் இடத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

இப்போது ‘ஒரு நூலகம்’ என்பதில் ‘அரசு’ என்ற சொல்லைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே அது ‘ஓர் அரசு நூலகம்’ ஆக வேண்டும். பெயரடைகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கட்டுரையைச் செப்பனிடும்போது ஓயாமல் நடப்பவை. ஆகவே ஒரு / ஓர் திருத்தத்தைச் சொற்கள் எல்லாம் இறுதியான பிறகே செய்ய வேண்டும். முதல் வரைவிலேயே சரிபார்த்துவிட்டோம் என்று இருந்துவிட்டால், பின்னால் செய்த மாற்றங்கள் புதிய பிழைகளை உண்டாக்கியிருக்கும்.

படி 6: கணினியில் தேடிச் சரிபாருங்கள்

நீண்ட கட்டுரையைக் கண்ணால் மட்டும் சரிபார்ப்பது கடினம். பழகிய பிழையைக் கண் எளிதில் தாண்டிவிடும். LibreOffice Writer போன்ற செயலியில் தேடல் பெட்டியைத் திறந்து, Regular expressions என்ற தேர்வை இயக்கிவிட்டு, பின்வரும் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தேடலாம்.

```
ரு [அ-ஔ]
ஓர் [க-ஹ]
```

முதலாவது, உயிருக்கு முன் தவறாக நிற்கும் ‘ஒரு’வையும், அதோடு ‘ஒவ்வொரு’, ‘மற்றொரு’ ஆகியவற்றையும் பிடிக்கும். ‘ஒரு’ என்று முழுதாகத் தேடாமல் ‘ரு’ என்று மட்டும் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்: ‘ஒவ்வொரு’ என்பதில் ஒகரம் தனி எழுத்தாக இல்லாமல் ‘வொ’ என்ற உயிர்மெய்க்குள் இருப்பதால், முழுச் சொல்லைத் தேடினால் அது அகப்படாது. இரண்டாவது தேடல் ‘ஓர் நாள்’ வகைப் பிழைகளைக் காட்டும்.

கிடைத்தவற்றை எல்லாம் ஒரே அழுத்தில் மாற்றிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். முதல் தேடலில் ‘திரு’ என்று முடியும் சொற்களும் ‘இரு அணிகள்’ போன்றவையும் வந்து நிற்கும். ‘இரு அணிகள்’ என்பதை ‘ஈரணிகள்’ என்று எழுதுவது இலக்கணப்படி சரியே என்றாலும், கட்டுரை நடைக்கு ‘இரண்டு அணிகள்’ என்பது இயல்பாக இருக்கும். மேற்கோளாக எடுத்தாண்ட பாடல் வரியிலோ, ஒருவர் பேசியதை அப்படியே தந்திருக்கும் இடத்திலோ ‘ஒரு ஊர்ல’ என்று இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது. அவை உங்கள் சொற்கள் அல்ல.