ஆசனப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம். யோகா வகுப்புச் சுவரில் தொங்கும் படத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால், புதிதாக வந்தவருக்கு உடம்பு வளைவதற்கு முன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது நாலு சொல்லும் ஓர் ஆசனமும்தான். அவற்றை எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று தெரிந்துவிட்டால், ஆசிரியர் செய்துகாட்டும் முன்பே பாதி நிலை பிடிபட்டுவிடும். சின்னப் பெயர்களில் தொடங்கி இந்தப் பெயருக்கே திரும்பி வருவோம்.

படி 1: வாலை வெட்டுங்கள்

பெயரை முன்னாலிருந்து படிக்க வேண்டாம். கடைசியில் நிற்கும் "ஆசனம்" என்பதை முதலில் தனியே எடுத்துவிடுங்கள். ஆஸ் என்ற வேருக்கு உட்காருதல் என்று பொருள். சிம்மாசனத்தில் வருவதும் இதே ஆசனம்தான், அதாவது இருக்கை. திருமூலர் இதை "ஆதனம்" என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறார். பழைய ஆசனங்களில் பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை என்பதால் சொல் பொருந்தியது. பிறகு நிற்பதற்கும் படுப்பதற்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஆகவே "இருக்கை" என்று மொழிபெயர்த்துக் குழம்பாமல் "நிலை" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சவாசனா" என்று நெடிலாக இழுப்பது ஆங்கில எழுத்து வழியாக வந்த பழக்கம். வடமொழியில் அந்தக் கடைசி எழுத்து குறில். தமிழில் "ம்" போட்டு முடிப்பதே இயல்பு.

படி 2: ஒட்டிய இடத்தைப் பிரியுங்கள்

இங்கேதான் பலர் தவறாக வெட்டுகிறார்கள். தாடாசனத்தை "தாடா" என்றும், தனுராசனத்தை "தனுர்" என்றும் நிறுத்திவிட்டு அகராதியில் தேடினால் எதுவும் கிடைக்காது. இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஒலி மாறியிருக்கும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்துக்கு மூன்று மாற்றங்கள் போதும்.

அகரமும் ஆகாரமும் சேர்ந்தால் ஒரே ஆகாரம். சவ + ஆசனம் = சவாசனம், தாட + ஆசனம் = தாடாசனம். ஆகவே வாலை வெட்டியதும் முன்சொல்லுக்கு அதன் குறிலைத் திருப்பிக் கொடுங்கள்.

அகரமும் உகரமும் சேர்ந்தால் ஓகாரம். சூரிய + உதயம் சூரியோதயம் ஆகிறதே, அதேபோல பஸ்சிம + உத்தான + ஆசனம் பஸ்சிமோத்தானாசனம் ஆகிறது. பஸ்சிமம் என்றால் மேற்கு, உத்தானம் இங்கே நன்றாக நீட்டுவது. காலையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் முதுகுதான் மேற்கே இருக்கும். "மேற்கை நீட்டும் நிலை" என்பது குதிகால் முதல் பிடரி வரை உடம்பின் பின்பக்கம் முழுவதையும் நீட்டச் சொல்கிறது. நெற்றியை முழங்காலில் இடிக்கும் அவசரத்தில் முதுகைக் கூனினால், பின்பக்கம் நீள்வதற்குப் பதிலாக இடுப்புக்கு மேலே மட்டும் வளைகிறது. தொடையின் பின்புறத்தில் இழுப்பே தெரியாது. அப்படியானால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பிலிருந்து சாயுங்கள்.

மூன்றாவது, கடைசியில் நிற்கும் "ஸ்". அது அடுத்த ஒலியைப் பார்த்து உருமாறும். தனுஸ், அதாவது வில், ஆசனத்தோடு சேரும்போது தனுராசனம் ஆகிறது. அதஸ், அதாவது கீழே, முகத்தோடு சேரும்போது அதோமுக ஆகிறது. அதோமுக ஸ்வானாசனம் என்றால் கீழ்நோக்கிய முகமுள்ள நாயின் நிலை. இதைச் சிலர் "ஸ்வனாசனம்" என்று எழுதுகிறார்கள். ஸ்வானம் நாய், ஸ்வனம் ஓசை. ஒரு கால் போனதும் நாய் குரைப்பாகிவிட்டது.

படி 3: தமிழ் எழுத்து மறைத்ததைக் கண்டுபிடியுங்கள்

நம் எழுத்தில் ஒரே "ப"தான் பல்லுக்கும் கம்பத்துக்கும். வடமொழியில் அவை வேறு வேறு. அதனால் பவனமுக்தாசனத்தைப் பார்ப்பவர் வீட்டைக் குறிக்கும் பவனத்தை நினைத்துக்கொள்கிறார். இங்கே வருவது பல்லில் உள்ள "ப". அந்தப் பவனம் காற்று. அனுமனைப் பவனபுத்திரன் என்பது இதனால்தான். முக்த என்றால் விடுபட்ட. முழங்காலை வயிற்றோடு அணைத்து, உள்ளே அடைத்திருக்கும் வாயுவை வெளியேற்றும் நிலை. வகுப்பில் சத்தம் வந்தால் பெயர் பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பத்தகோணாசனத்தில் பத்துக்கும் வேலையில்லை, பக்தருக்கும் வேலையில்லை. இது கம்பத்தில் உள்ள "ப": கட்டப்பட்ட என்று பொருள். கோணம் நமக்குத் தெரிந்த கோணமே. உள்ளங்கால்களை ஒட்டவைத்து, கைகளால் பாதங்களைக் கட்டிப் பிடிப்பதால் அது கட்டிய கோணம்.

"அர்த்த" என்று தொடங்கினால் பொருளைத் தேட வேண்டாம். அர்த்தநாரியிலும் அர்த்தசாம பூசையிலும் வரும் அதே அர்த்தம், அதாவது பாதி. "சுப்த" என்றால் படுத்த, உறங்கிய. இதில் உகரத்தை விழுங்கி "சப்த" என்று படித்தால் ஏழாகிவிடும்.

படி 4: பெயரை உடம்பில் வைத்துச் சரிபாருங்கள்

சவாசனத்தில் இது தெளிவாகத் தெரியும். ஹடயோகப் பிரதீபிகை இந்த நிலையை ஒரே வரியில் சொல்கிறது: தரையில் மல்லாந்து, சவத்தைப் போலப் படுத்தல். மல்லாந்து என்பதற்கு அந்த வரியில் வரும் சொல்லும் "உத்தானம்"தான். பஸ்சிமோத்தானாசனத்தில் நன்றாக நீட்டுவது என்று பார்த்த அதே சொல் இங்கே முகம் மேலே இருப்பதைக் குறிக்கிறது. சொல் ஒன்றே என்பதற்காகப் பொருளும் ஒன்றே என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சவம் எதையும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. பாதங்களை ஓர் அடி இடைவெளியில் வைத்து, விரல்கள் தானாகவே வெளிப்பக்கம் சாய விடுங்கள். கைகள் உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேல் நோக்கியிருக்கட்டும். கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி பாதம் விறைத்து நின்றால் தொடை இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒருவர் இருந்தால் உங்கள் மணிக்கட்டை நாலு விரற்கடை தூக்கி விடச் சொல்லுங்கள். கை தொப்பென்று விழ வேண்டும். அந்தரத்தில் நின்றாலோ, அவர் தூக்கும்போது நீங்களே உதவினாலோ, சவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இடுப்பு தரையில் படாமல் வலித்தால் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய போர்வையை வையுங்கள். சவம் என்ற சொல் அமங்கலம் என்று சில இடங்களில் சாந்தி ஆசனம் என்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் போய்விட்டது.

தாடாசனம் இவ்வளவு எளிதில் அடங்காது. தாட என்பதற்கு மலை என்று ஒரு பொருள் உண்டு. பி.கே.எஸ். ஐயங்கார் வழியினர் அதைக் கொள்கிறார்கள். பீகார் யோகப் பள்ளியினர் பனைமரம் என்கிறார்கள். இந்தியிலும் பனைக்குத் தாட் என்றுதான் பெயர், தமிழ் அகராதியிலும் தாலம் என்றால் பனை. எந்தப் பொருளைக் கொள்கிறோமோ அதற்கேற்ப உடம்பு மாறுகிறது. மலை என்றால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில், கைகள் பக்கவாட்டில், எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் சமமாகப் பங்கிட்டு அசையாமல் நிற்பது. பனை என்றால் கைகளை மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி, நெடுநெடுவென்று நீள்வது. ஜூன் 21 யோகா நாளுக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொதுப் பயிற்சியில் இருப்பது இந்த இரண்டாவது வடிவம்: விரல்களைக் கோத்துத் தலைக்கு மேலே நீட்டி, குதிகாலைத் தூக்குவது. வகுப்பு மாறிப் போகிறவர் தாடாசனம் என்றதும் கையைத் தூக்கி நிற்க, மற்றவர்கள் சும்மா நிற்பது இதனால்தான். யாரும் தவறு செய்யவில்லை.

இப்போது நீளமான பெயர்

உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம். வாலை வெட்டினால் உத்தித ஹஸ்த பாதாங்குஷ்ட. அதில் பாதாங்குஷ்ட என்பது பாத + அங்குஷ்ட. இரண்டு அகரம் சேர்ந்தும் ஆகாரம் வரும். அங்குஷ்டம் கட்டைவிரல். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் பாரசீகம் வழியாக வந்த, இதற்கு உறவான சொல். ஹஸ்தம் கை. உத்தித என்றால் எழுந்து நின்ற.

நேர்பொருளாகச் சேர்த்தால்: நின்று, கை, கால் கட்டைவிரல், நிலை. "பிடி" என்ற வினை எங்கும் இல்லை, கவனித்தீர்களா? இப்படி ஒட்டிய பெயர்களில் வினையை நாமே நிரப்ப வேண்டும். எந்தத் திசையில் காலை நீட்டுவது என்பதும் பெயரில் இல்லை. ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

செய்யும்போது முதலில் மலையாக நில்லுங்கள். எடையை இடது காலுக்கு மாற்றி, வலது முழங்காலை மடக்கி மேலே தூக்குங்கள். வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கால் கட்டைவிரலைச் சுற்றிக் கொக்கி போல மாட்டி, கைக் கட்டைவிரலால் பூட்டுங்கள். பிறகு காலை மெல்ல முன்னால் நீட்டுங்கள். தொடையின் பின்தசை இடங்கொடுக்காதபோது முதுகு கூனும், அல்லது நிற்கும் முழங்கால் மடங்கும். அப்போது "உத்தித" தோற்றுவிட்டது. விரலைக் காப்பாற்ற நிற்பதை விட்டுவிடக் கூடாது. உள்ளங்காலில் ஒரு பட்டையை மாட்டிப் பிடியுங்கள். தடுமாறினால் இடது கையைச் சுவரில் ஊன்றுங்கள்.

முதல் சொல்லை மட்டும் மாற்றி, சுப்த பாதாங்குஷ்டாசனம் என்று சொல்லிப் பாருங்கள். அதே பிடியை மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டும். சமநிலைச் சிக்கல் தீர்ந்தது. தொடக்கக்காரர் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

பிரிக்கக் கூடாத பெயர்கள்

அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தைப் பாதி மீன் நிலை என்று பெயர்ப்பவர்கள் உண்டு. மத்ஸ்யேந்திரர் ஒரு நாத யோகி. அவர் பெயரில் உள்ள ஆசனத்தின் பாதி வடிவம் அது. மீன் நிலை வேண்டுமென்றால் மத்ஸ்யாசனம் தனியே இருக்கிறது. மரீச்யாசனமும் பரத்வாஜாசனமும் இப்படியே முனிவர் பெயர்கள். அவற்றை எவ்வளவு பிரித்தாலும் கால் எங்கே போக வேண்டும் என்று தெரியாது.

உத்கடாசனம் இன்னொரு வகை. நாற்காலி ஆசனம் என்று தமிழிலும் புழங்குகிறது, ஆனால் பெயரில் நாற்காலி இல்லை. உத்கட என்றால் உக்கிரமான, வலிய. அரை நிமிடம் தொடை நடுங்க அதில் நின்றவர்களுக்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று தெரியும்.

பயிற்சிக்கு ஒன்று: சுப்த பத்தகோணாசனம். விடையைத் தேட வேண்டியதில்லை, இரண்டு சொல்லும் மேலேயே வந்துவிட்டன. பாயில் மல்லாந்து படுத்து, உள்ளங்கால்களை ஒட்டவைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரியவிடுங்கள். அவை தரைக்கு வராமல் தொங்கி அடித்தொடை இழுத்தால், ஒவ்வொன்றின் கீழும் ஒரு தலையணை.