அட்ஜஸ்ட்மென்ட்ல எல்லாரும் வழுக்கி விழுற இடங்கள், ஒரு ஜெராக்ஸ் கடை கணக்கை வச்சு

பதினொண்ணாவது அக்கவுண்டன்சி இல்ல பி.காம் ஃபர்ஸ்ட் இயர்ல ஜர்னல், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ் வரைக்கும் நல்லா போயிட்டு இருந்தவங்க கூட, ஃபைனல் அக்கவுண்ட்ஸ்ல கீழ "சரிக்கட்டுதல்கள்"னு நாலு வரி பாத்த உடனே தடுமாறுவாங்க. இதுக்கு புதுசா ரூல் எதுவும் கிடையாதுங்க, டபுள் என்ட்ரிதான், பணம் மட்டும் அதுல வராது. அந்த ஒரு வித்தியாசத்துலதான் முக்காவாசி தப்பும் பொறக்குது.

ஒரு ஜெராக்ஸ் கடைய எடுத்துக்குவோம். கணக்கு வருஷம் 1-4-2024ல இருந்து 31-3-2025 வரைக்கும். கடை வாடகை மாசம் 8,000, ஆனா மார்ச் வாடகைய இன்னும் கொடுக்கல, அதனால ட்ரையல் பேலன்ஸ்ல வாடகை 88,000ன்னு பற்றுல நிக்குது. மெஷினுக்கெல்லாம் சேத்து 1-7-2024 அன்னிக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் பிரீமியம் 12,000 கட்டியாச்சு, அது முழுசா இன்சூரன்ஸ் செலவுன்னு பற்றுல நிக்குது. இந்த ரெண்டு தொகைய வச்சே எல்லாத்தையும் பாத்துடலாம்.

முதல் தப்பு, மார்ச் வாடகைக்கு என்ட்ரி போடும்போது கை தானா "ரொக்கக் கணக்கு"ன்னு எழுதும். செலவுன்னா ரொக்கம் வரவுன்னு அத்தனை மாசம் எழுதிப் பழகுன கை, என்ன பண்றது. ஆனா யோசிச்சுப் பாருங்க, பணம் கொடுத்திருந்தா இந்த அட்ஜஸ்ட்மென்ட்டே வந்திருக்காது. கடை மார்ச் மாசம் நடந்துச்சு, பில்டிங் ஓனருக்கு கடை 8,000 குடுக்க வேண்டியது ஆயிடுச்சு, அவ்ளோதான். அதனால வாடகைக் கணக்கு பற்று 8,000, கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கு வரவு 8,000. ஒண்ணு லாப நட்டக் கணக்குக்குப் போகும், இன்னொண்ணு இருப்புநிலைக் குறிப்புக்குப் போகும். எந்த அட்ஜஸ்ட்மென்ட் எடுத்தாலும் இதே கதைதான், ஒரு கால் லாப நட்டத்துல, ஒரு கால் இருப்புநிலைக் குறிப்புல. உங்க என்ட்ரில ரொக்கமோ பேங்கோ வந்துட்டா அங்கயே அடிச்சிடுங்க. (சில புக்குல இதையே அக்ரூட் எக்ஸ்பென்ஸ்னு போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல அவுட்ஸ்டாண்டிங்னு சொல்லுவோம், ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாதீங்க.)

அடுத்து ப்ரீபெய்ட். இங்க கணக்குத் தப்பை விட எந்த மாசத்தை எடுக்கிறதுங்கிற தப்புதான் ஜாஸ்தி. ஜூலைல இருந்து மார்ச் வரைக்கும் எண்ணுனா 9 மாசம், உடனே 9,000ஐ ப்ரீபெய்ட்னு எழுதிடுவாங்க. அந்த 9 மாசம் முடிஞ்சு போன மாசம்ங்க, அந்தப் பாதுகாப்ப கடை அனுபவிச்சாச்சு, அது செலவு. பாக்கி இருக்கிறது ஏப்ரல், மே, ஜூன், அந்த 3,000தான் ப்ரீபெய்ட். மாத்திப் போட்டா இன்சூரன்ஸ் செலவு 9,000க்கு பதிலா 3,000 ஆயிடும், லாபம் 6,000 ஜாஸ்தியா காட்டும், ஆனா இருப்புநிலைக் குறிப்பு ரெண்டு பக்கமும் டாண்ணு டேலி ஆகும். டேலி ஆயிடுச்சுன்னு சந்தோஷமா மூடி வச்சிடுவோம், அதான் இதுல இருக்கிற ஆபத்தே. அதனால பிரீமியம் கணக்கு வந்தா ரஃப் பேப்பர்ல 31 மார்ச்சுக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை மாசம் அந்தப் பக்கம் எத்தனை மாசம்னு எழுதிட்டு, ரெண்டும் சேந்து 12 வருதான்னு பாத்துட்டு அப்புறம் தொகைக்குப் போங்க.

இன்னொரு குழப்பம், 12,000த்தை முதல்ல எந்தப் பேர்ல எழுதுனாங்கங்கிறது. நம்ம கடைல செலவுன்னு எழுதியிருக்காங்க, அதனால ப்ரீபெய்ட் பற்று 3,000, இன்சூரன்ஸ் வரவு 3,000. சில பேர் பணம் கட்டுற அன்னிக்கே ப்ரீபெய்ட் இன்சூரன்ஸ்னு சொத்தா எழுதிடுவாங்க, அப்படின்னா வருஷ முடிவுல இன்சூரன்ஸ் பற்று 9,000, ப்ரீபெய்ட் வரவு 9,000. ரெண்டு வழியிலயும் கடைசில செலவு 9,000, சொத்து 3,000ன்னு ஒரே எடத்துக்குத்தான் வருவீங்க. என்ட்ரிய மனப்பாடம் பண்ணா இங்கதான் மாட்டுவீங்க. இப்ப கணக்குல என்ன நிக்குது, என்ன நிக்கணும்னு பாருங்க, நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் என்ட்ரி.

எக்ஸாம்ல அதிகமா மார்க் போறது இன்னொரு இடத்துல. ப்ரீபெய்ட் இன்சூரன்ஸ் 3,000ங்கிறது கீழ அட்ஜஸ்ட்மென்ட்ல இல்லாம ட்ரையல் பேலன்ஸ் உள்ளயே குடுத்திருப்பாங்க. உள்ள இருக்குன்னா அந்த என்ட்ரிய ஏற்கனவே போட்டு முடிச்சாச்சுன்னு அர்த்தம், இன்சூரன்ஸும் அங்க 9,000ன்னுதான் நிக்கும். நீங்க சொத்துப் பக்கம் 3,000 காட்டுனா போதும், ஒரே ஒரு தடவை. பழக்கத்துல 9,000ல இருந்து மறுபடி 3,000 கழிச்சீங்கன்னா லாபம் 3,000 ஏறிடும், இருப்புநிலைக் குறிப்பும் சரியா 3,000 உதைக்கும். கீழ குடுத்தது ரெண்டு இடம், உள்ள இருக்கிறது ஒரு இடம்.

டேலி ஆகலைன்னா முழுசா அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, வித்தியாசத் தொகைய பாருங்க. 8,000 இடிச்சா வாடகைய லாப நட்டத்துல கூட்டிட்டு பொறுப்புப் பக்கம் எழுத மறந்திருக்கலாம். 16,000 இடிச்சா? அதுல பாதி 8,000, அப்ப கொடுபட வேண்டிய வாடகைய பொறுப்புல எழுதாம சொத்துப் பக்கம் எழுதியிருக்க வாய்ப்பு, ஏன்னா லாபம் 8,000 குறைஞ்சதுல பொறுப்புப் பக்கம் இறங்கும், தப்பா எழுதுனதுல சொத்துப் பக்கம் 8,000 ஏறும். வித்தியாசம், இல்ல அதுல பாதி, எந்த அட்ஜஸ்ட்மென்ட்டோட ஒத்துப்போகுதுன்னு முதல்ல தேடுங்க. ஆனா ஒரு அட்ஜஸ்ட்மென்ட்டையே மொத்தமா விட்டுட்டா எதுவும் இடிக்காது, ட்ரையல் பேலன்ஸும் காட்டிக் குடுக்காது. அதுக்கு ஒரே வழி, 8,000த்தை 12ஆல பெருக்குனா 96,000, லாப நட்டத்துல வாடகை 96,000 இருக்கான்னு பாக்கிறது. இன்சூரன்ஸுக்கு நம்ம கடைல 9 மாசம், 9,000.

வருமானப் பக்கம் இதே கதை தலைகீழா. ஒரு டியூஷன் சென்டர் ஏப்ரல்ல எடுக்கப்போற காப்பிக்கு மார்ச்லயே 5,000 குடுத்துட்டா அது கடைக்கு வருமானம் இல்ல, இன்னும் வேலை செஞ்சு குடுக்க வேண்டிய பொறுப்பு. மார்ச்ல காப்பி எடுத்துட்டு காசு தரலைன்னா அது வர வேண்டியது, சொத்து.

கடைசியா ஒண்ணு, இது ஏப்ரல்ல நடக்கும், கிளாஸ்ல பெருசா பேச மாட்டாங்க. ஓனருக்கு மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசமும் சேத்து 16,000 குடுக்கிறாங்க. முழுசையும் வாடகைன்னு எழுதிட்டா புது வருஷத்துல 13 மாச வாடகை ஏறிடும். கொடுபட வேண்டிய வாடகை பற்று 8,000, வாடகை பற்று 8,000, ரொக்கம் வரவு 16,000, இதுதான் சரி. ரொக்கக் கணக்கு இப்பத்தான் என்ட்ரிக்குள்ள வருது பாருங்க, அதனாலதான் இது சாதாரண என்ட்ரி, அட்ஜஸ்ட்மென்ட் இல்ல. அதே மாதிரி அந்த ப்ரீபெய்ட் 3,000மும் புது வருஷத்துல இன்சூரன்ஸ் செலவுக்கு மாறணும், மாத்தாம விட்டா ஜூன் 30ஓட முடிஞ்சு போன பாலிசி 31-3-2026லயும் சொத்துன்னு உக்காந்திருக்கும். லெட்ஜர்ல போன வருஷத்து பாக்கி அசையாம அதே தொகையில நிக்குதுன்னா, அங்கதான் யாரோ ஒரு என்ட்ரிய முழுங்கியிருக்காங்க.